ஒரே முற்றில் முடியும் வாக்கியம்: வினையெச்சத்தை எப்படிக் கோப்பது

"அவள் கதவைத் திறந்தாள் மற்றும் உள்ளே வந்தாள் மற்றும் விளக்கைப் போட்டாள்."

இதில் இருக்கும் சொற்கள் எல்லாமே தமிழ்தான். ஆனால் தமிழ் பேசுகிற யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள். "கதவைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போட்டாள்" என்றுதான் சொல்வார்கள். செயல்கள் மூன்று, வினைச்சொற்களும் மூன்று. ஆனால் 'போட்டாள்' என்ற கடைசி வினை மட்டுமே யார் செய்தார், எப்போது செய்தார் என்று காட்டுகிறது. முன்னால் வரும் இரண்டும் அந்தப் பொறுப்பைக் கடைசி வினையிடம் விட்டுவிட்டு, முடியாமல் நிற்கின்றன. அப்படி நிற்கும் வினை வினையெச்சம். முடித்து வைக்கும் வினை முற்று.

இங்கிலீஷில் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு 'அண்ட்' வருகிற இடமெல்லாம் 'மற்றும்' போடத் தோன்றும். 'மற்றும்' பெயர்களை அடுக்கும்போது வரலாம். வினைகளை அது இணைக்காது. வினைகளை இணைக்கத் தமிழுக்குத் தனிச் சொல்லே வேண்டாம், வினையின் வடிவத்தை மாற்றினால் போதும். 'அண்ட்' மட்டுமல்ல, 'பிகாஸ்', 'பை', 'ஆல்தோ', 'வித்தவுட்' என்று இங்கிலீஷ் வேறு வேறு சொல் வைத்துச் செய்கிற வேலையில் பெரும்பகுதி இந்த வடிவத்துக்குள்ளேயே அடங்கிவிடும். தமிழைப் புதிதாகக் கற்கிறவர்களுக்காகவும், மொழிபெயர்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காகவும் அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வடிவத்தை உண்டாக்குவது

வினையெச்சத்தை வேர்ச்சொல்லிலிருந்து தேடாதீர்கள், இறந்தகாலத்திலிருந்து தேடுங்கள். 'வந்தான்' என்பதில் 'ஆன்' போனால் 'வந்த்' மிஞ்சும். ஓர் 'உ' சேர்த்தால் 'வந்து'. படித்தான், படித்து. கேட்டான், கேட்டு. நின்றான், நின்று. செய்தான், செய்து. இறந்தகாலம் தெரிந்துவிட்டால் எச்சம் கையில் வந்த மாதிரிதான்.

இன்னொரு கூட்டம் இறந்தகாலத்தில் 'இன்' பெறும்: வாங்கினான், பேசினான், எழுதினான், ஓடினான். இவற்றில் 'இ'யோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: வாங்கி, பேசி, எழுதி, ஓடி. புதியவர்கள் முதல் கூட்டத்தின் பழக்கத்தில் 'பேசுது', 'வாங்கித்து' என்று எழுதிவிடுவதைப் பார்க்கலாம். இறந்தகாலத்தில் 'இன்' இருக்கிறதா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் இந்தத் தவறு வராது.

விலகி நிற்பவை மிகச் சில. போனான், போய். சொன்னான், சொல்லி. ஆனான், ஆகி அல்லது ஆய். இவையும் உண்மையில் 'இன்' கூட்டம்தான். போயினான், சொல்லினான், ஆயினான் என்ற முழு வடிவங்கள் குறுகி வந்தவை போனான், சொன்னான், ஆனான். எச்சம் மட்டும் பழைய வடிவத்தின் பக்கம் நின்றுவிட்டது. அதனால்தான் 'சொன்னு' என்று ஒரு வடிவம் இல்லை.

எதிர்மறைக்குத் தனி வடிவம் உண்டு. செய்யாமல், போகாமல், சொல்லாமல். 'செய்யாது' என்பதும் அதே வேலை செய்யும், ஆனால் இப்போது எழுத்தில் மட்டும்தான் அதிகம் பார்க்கிறோம்.

ஒற்று மிகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. 'இ'யிலும் 'ய்'யிலும் முடியும் எச்சத்துக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: வாங்கிக் கொடுத்தான், போய்ப் பார்த்தான். த்து, ட்டு என்று வல்லெழுத்து இரட்டித்து முடிந்தாலும் மிகும்: எடுத்துக் கொடுத்தான், கேட்டுப் பார்த்தான். ந்து, ன்று, ண்டு என்று மெல்லெழுத்து சேர்ந்தால் மிகாது: வந்து பார்த்தான், நின்று பேசினான், கண்டு களித்தான். 'செய்து', 'அழுது' போன்றவற்றிலும் மிகாது. இதை விதியாக மனப்பாடம் செய்வதைவிட வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது எளிது. காது தானே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: முற்று எதையெல்லாம் தருகிறது

வடிவம் இறந்தகாலத்திலிருந்து வந்தாலும் பொருள் இறந்தகாலம் இல்லை. இது முதலில் குழப்பும். "நாளைக்குப் போய் அவரைப் பார்ப்பேன்." போவதும் நாளைக்குத்தான். "தினமும் ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிறாள்." எழுவதும் தினமும் நடப்பது. "உள்ளே வந்து உட்காருங்கள்." வருவதும் கட்டளைக்குள் அடங்கும், மரியாதையும் கூடவே அடங்கும். 'வாருங்கள் மற்றும் உட்காருங்கள்' என்று இரண்டு முறை மரியாதை காட்ட வேண்டியதில்லை. எச்சம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் செயல் அடுத்த செயலுக்கு முன்னாலோ அதன் கூடவோ நடக்கிறது. காலம், ஆள், எண், மரியாதை, கட்டளை, கேள்வி எல்லாம் முற்றிடமிருந்து பின்னோக்கிப் பாய்கின்றன.

அப்படிப் பாய்வதால் ஒரு சிக்கலும் உண்டு. எதிர்மறை முற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

"அவன் கடைக்குப் போய்ப் பால் வாங்கவில்லை."

இவன் கடைக்குப் போனானா? வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. போனான், ஆனால் பால் வாங்கவில்லை என்றும் கொள்ளலாம். போய் வாங்குவது என்ற காரியமே நடக்கவில்லை என்றும் கொள்ளலாம். பேச்சில் குரலும் சூழலும் தெளிவாக்கிவிடும். எழுத்தில் அந்த உதவி கிடையாது. எனவே எதிர்மறை முற்றோடு எச்சம் வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று, எச்சத்தின் செயல் நடந்ததா இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடந்திருந்தால் "கடைக்குப் போயும் பால் வாங்கவில்லை" என்று 'உம்' சேர்க்கலாம், அல்லது "கடைக்குப் போனான், பால் வாங்கவில்லை" என்று பிரித்துவிடலாம். இரண்டுமே நடக்கவில்லை என்றால் "கடைக்குப் போகவும் இல்லை, பால் வாங்கவும் இல்லை." போகாமலேயே காரியம் முடிந்தது என்றால் எதிர்மறையை எச்சத்துக்கு மாற்றுங்கள்: "கடைக்குப் போகாமல் பால் வாங்கினான்."

எச்சம் செயலின் விதத்தைச் சொல்லும்போது எதிர்மறை நேராக எச்சத்தின் மேலேயே விழும். "அவள் நடந்து வரவில்லை" என்றால் அவள் வந்தாள், நடந்துதான் வரவில்லை. கேள்வியும் இப்படித்தான். "நடந்து வந்தாயா?" என்று கேட்டால் சந்தேகம் பெரும்பாலும் வந்ததில் இல்லை, நடந்ததில்தான். அந்தச் சந்தேகத்தைக் கூர்மையாக்க வேண்டும் என்றால் 'ஆ'வை எச்சத்திலேயே ஒட்டலாம்: "நடந்தா வந்தாய்?" இங்கிலீஷில் இதற்குக் குரலை அழுத்த வேண்டும், அல்லது வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும்.

மூன்றாம் படி: செயலுக்குச் சொந்தக்காரர் ஒருவரா?

புதியவர்கள் எழுதும் எச்சத் தொடர்களில் அதிகம் உடைவது இங்கேதான். அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடலாம்.

'செய்து' என்ற வகை எச்சமும் அது போய்ச் சேரும் முற்றும் ஒருவருடைய செயலாக இருக்க வேண்டும். "அப்பா வந்து நான் போனேன்" என்றால் கேட்கிறவர் திகைப்பார். வந்தது ஒருவர், போனது இன்னொருவர். "அப்பா வந்ததும் நான் போனேன்" என்றோ "அப்பா வந்த பிறகு நான் போனேன்" என்றோதான் சொல்ல வேண்டும். இந்த விதி மிகப் பழையது. வினையெச்ச வாய்பாடுகளைப் பட்டியலிடும் தொல்காப்பியம் செய்து, செய்யூ, செய்பு என்ற முதல் மூன்றையும் தனியே பிரித்து, அவை தம் வினைமுதலை, அதாவது அந்தச் செயலைச் செய்பவரை, கொண்டே முடியும் என்கிறது. மற்ற வாய்பாடுகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்யூவும் செய்புவும் வழக்கொழிந்துவிட்டன. 'செய்து' இன்னும் அதே விதியோடு நம் வாயில் இருக்கிறது.

சோதிக்கும் முறை எளிது. தொடரில் உள்ள ஒவ்வொரு எச்சத்தையும் முற்றாக்கி, 'யார்?' என்று கேளுங்கள். "கண்ணாடியை உடைத்து உள்ளே போனான்." யார் உடைத்தான்? அவன். யார் போனான்? அவன். சரி. "கண்ணாடி உடைந்து உள்ளே போனான்." எது உடைந்தது? கண்ணாடி. யார் போனான்? அவன். தொடர் அறுந்துவிட்டது. இங்கே தவறு ஓர் எழுத்தில் இருக்கிறது: உடைந்து, உடைத்து. தமிழில் இப்படிப்பட்ட இணைகள் நிறைய உண்டு: சேர்ந்து, சேர்த்து, நனைந்து, நனைத்து, நிறைந்து, நிறைத்து. 'ந்து' வந்தால் தானே நிகழ்வது, 'த்து' வந்தால் ஒருவர் நிகழ்த்துவது. எச்சத் தொடர் சரியாக ஒலிக்கவில்லை என்று தோன்றினால் முதலில் இந்த இணையில் எதைப் போட்டிருக்கிறோம் என்று பாருங்கள்.

சரி, விதி இவ்வளவு கறாரானது என்றால் "கால் வழுக்கி விழுந்தாள்" எப்படிச் சரி? வழுக்கியது கால், விழுந்தது அவள். காரணம் இதுதான்: கால் அவளுடையது. உடலுறுப்பின் செயலைத் தொடங்கி, அந்த உறுப்பை உடையவரின் செயலில் முடிக்கலாம். தலை சுற்றி விழுந்தான், கண் கலங்கி நின்றார், கை நடுங்கிக் கோப்பையைக் கீழே போட்டாள், மனம் உடைந்து அழுதான். இந்த விலக்கையும் தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது. அங்கே உறுப்புக்குப் பெயர் சினை, உடையவருக்குப் பெயர் முதல்.

இரண்டாவது விலக்கு காரணமும் விளைவும். "மழை பெய்து குளம் நிறைந்தது." பெய்தது மழை, நிறைந்தது குளம், ஆனாலும் வாக்கியம் இயல்பாக நிற்கிறது. செய்தித்தாளைத் திறந்தால் "மின்னல் தாக்கி ஒருவர் உயிரிழந்தார்", "பஸ் கவிழ்ந்து பலர் காயமடைந்தனர்" என்று தினமும் இந்த அமைப்பைப் பார்க்கலாம். இங்கே இரண்டாவது நிகழ்ச்சி முதலாவதின் நேரடி விளைவு, யாரும் முடிவெடுத்துச் செய்த செயல் இல்லை. அதுதான் எல்லை. "மழை பெய்து நாங்கள் வீட்டுக்குள் போனோம்" என்று சொன்னால் இடறும், ஏனென்றால் போவது நாங்கள் எடுத்த முடிவு. "மழை பெய்ததால் வீட்டுக்குள் போனோம்" என்றால் சரியாகிவிடும்.

காலக் கணக்கு மூன்றாவது விலக்கு: "அவன் ஊருக்குப் போய் மூன்று நாள் ஆகிறது." போனவன் அவன், ஆவது நாள். இதை ஒரு தனி வழக்காக அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

விலக்கு போலத் தோன்றி, விலக்கே இல்லாத ஒன்றும் இருக்கிறது. "அந்தச் செய்தியைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது." இலக்கணப்படி வந்தது அழுகை. ஆனால் கேட்டவரும் அழுகையை உணர்ந்தவரும் நான்தான். பசி, கோபம், பயம், காய்ச்சல், சந்தேகம் என்று தமிழில் அனுபவிக்கிறவர் 'எனக்கு', 'அவளுக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்பார். 'யார்?' என்று கேட்கும்போது அவரைத்தான் சொந்தக்காரராக எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: எந்த உறவு, எந்த வடிவம்

வெறும் 'செய்து' வடிவம் சொல்லும் உறவை இரு செயல்களின் பொருள்தான் முடிவு செய்கிறது. "குளித்துச் சாப்பிட்டான்" என்றால் வரிசை. "சிரித்துப் பேசினான்" என்றால் விதம். "பூட்டை உடைத்துத் திருடினார்கள்" என்றால் வழி. "மழையில் நனைந்து சளி பிடித்தது" என்றால் காரணம். இங்கிலீஷ் ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் கேட்கும். தமிழ் கேட்பவரின் அறிவை நம்பி விட்டுவிடுகிறது. ஆகவே மொழிபெயர்க்கும்போது அங்கே 'பை' என்று ஒரு சொல் இருக்கிறதே என்று 'மூலம்' சேர்க்கத் தேவையில்லை. 'பூட்டை உடைப்பதன் மூலம் திருடினார்கள்' என்பது கனமான வாக்கியம், எச்சமே போதும்.

வரிசை என்றால் எச்சங்கள் நடந்த ஒழுங்கிலேயே நிற்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. "பிறகு", "அதற்கு முன்" போன்ற சொற்கள் இல்லாததால் இடம்தான் காலத்தைக் காட்டுகிறது. "படித்துக் கையெழுத்துப் போட்டான்" என்பதும் "கையெழுத்துப் போட்டுப் படித்தான்" என்பதும் வேறு வேறு கதைகள்.

உறவைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் எச்சத்தோடு சில ஒட்டுகள் சேரும். முதல் செயல் முழுதாக முடிந்துவிட்டது என்று காட்ட 'விட்டு': "வேலையை முடித்துவிட்டு வருகிறேன்." பேச்சில் இது 'முடிச்சிட்டு' ஆகும். இரண்டும் ஒரே நேரத்தில் என்றால் 'கொண்டு' அல்லது 'கொண்டே': "பேசிக்கொண்டே நடந்தார்கள்." எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் 'உம்': "பலமுறை சொல்லியும் கேட்கவில்லை." இங்கிலீஷ் 'ஆல்தோ'வுக்கு இந்த ஓர் 'உம்' போதும், 'பலமுறை சொன்ன போதிலும்கூட' என்று நீட்ட வேண்டாம். செயல் நடக்கவில்லை என்றால் 'ஆமல்': "சொல்லாமல் போய்விட்டான்."

இவற்றில் 'உம்' சொந்தக்காரர் விதியிலிருந்து விடுபட்டது. "நான் கூப்பிட்டும் அவன் வரவில்லை" என்று தாராளமாகச் சொல்லலாம். 'வந்தால்', 'வந்தாலும்' ஆகியவையும் இப்படியே: "நீ வந்தால் நான் வருவேன்." ஆள் மாறுகிற இடத்தில் தொடரை அறுக்காமல் கொண்டுபோக இவைதான் கைகொடுக்கும்.

'அல்லது', 'ஆனால்' ஆகியவற்றின் வேலையை எச்சத்திடம் கேட்காதீர்கள். இரண்டில் ஒன்று என்ற பொருள் எச்சத்துக்கு வராது. 'ஆனால்' வருகிற இடங்களில் 'உம்' பொருந்துவதை மட்டும் மாற்றலாம். வெறும் ஒப்பீடாக, "அவள் பாடுவாள், ஆனால் அவன் ஆடுவான்" என்பது போல இருந்தால், இரண்டு முற்றாகவே இருக்கட்டும். அங்கே 'ஆனால்' கூடத் தேவையில்லை. "அவள் பாடுவாள், அவன் ஆடுவான்."

கடைசி வினை துணைவினையாகிவிடும் இடம்

வா, பார், வை, கொள், விடு, போடு, கொடு, இரு. இந்த வினைகள் எச்சத்துக்கு அடுத்து வந்து ஒட்டினால் தம் சொந்தப் பொருளை விட்டுவிட்டு வேறொரு நிறத்தைத் தரும். "கதைகள் எழுதி வந்தார்" என்றால் அவர் எங்கிருந்தும் வரவில்லை, தொடர்ந்து எழுதினார். "எழுதிப் பார்த்தார்" என்றால் முயன்றார். "எழுதிக் கொடுத்தார்" என்றால் இன்னொருவருக்காக எழுதினார் என்ற பொருளும் உண்டு.

வரிசையாக இரண்டு செயல் சொல்ல நினைத்து எழுதியது இப்படித் துணைவினையாகப் படிக்கப்பட்டுவிடும். "நான் மாத்திரை சாப்பிட்டு வந்தேன்" என்றால் கொஞ்ச காலம் வழக்கமாகச் சாப்பிட்டேன் என்று படிப்பார்கள். சாப்பிட்டேன், அப்புறம் கிளம்பி வந்தேன் என்பது கருத்தானால் "மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தேன்" என்று 'விட்டு' சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எச்சத்துக்கும் முற்றுக்கும் நடுவில் இடமோ பொருளோ குறிக்கும் ஒரு சொல்லை வையுங்கள். "கடிதத்தை எழுதி வைத்தாள்" என்பதில் 'வைத்தாள்' பின்னால் பயன்படட்டும் என்ற பொருளைத் தருகிறது. "கடிதத்தை எழுதி மேஜைமேல் வைத்தாள்" என்பதில் அவள் கையால் வைக்கிறாள். நடுவில் ஒரு சொல் புகுந்ததும் வினை தன் சொந்தப் பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. உங்கள் வாக்கியத்தில் எது நடக்கிறது என்று சோதிக்கவும் இதே வழிதான்.

ஒரு பத்தியைக் கோத்துப் பார்ப்போம்

இங்கிலீஷில் வந்த ஒரு சிறு பத்தியைப் புதியவர் ஒருவர் வரிக்கு வரி தமிழாக்கினால் இப்படி இருக்கும்:

"கவிதா எழுந்தாள் மற்றும் ஜன்னலைத் திறந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் குடையைத் தேடினாள் ஆனால் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே அவள் ஒரு பையைத் தன் தலைமேல் பிடித்தாள் மற்றும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். அவள் காலையுணவைச் சாப்பிடவில்லை. அவள் சேறில் வழுக்கினாள் மற்றும் விழுந்தாள். அவள் எழுவதற்கு முன் பஸ் சென்றது."

முதலில் ஒவ்வொரு வினைக்கும் யார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எழுந்தது, திறந்தது கவிதா. பெய்தது மழை. தேடியது கவிதா. கிடைக்காதது குடை. பிடித்தது, ஓடியது, சாப்பிடாதது, விழுந்தது எல்லாம் கவிதா. போனது பஸ். ஆள் மாறுகிற இடங்கள் தெரிந்துவிட்டன. தொடர் எங்கே அறுபட வேண்டும் என்பதை இந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

எழுந்ததும் திறந்ததும் ஒரே ஆள்: "கவிதா எழுந்து ஜன்னலைத் திறந்தாள்." அடுத்து மழை. அவள் திறந்ததால் மழை பெய்யவில்லை, எனவே காரண விலக்குக்கும் இடமில்லை. முற்றுப்புள்ளி வைத்துவிட்டு "மழை பெய்துகொண்டிருந்தது" என்று தனி வாக்கியமாக விடுவதுதான் நல்லது. ஜன்னலைத் திறந்தவளோடு சேர்ந்து வாசகரும் மழையைப் பார்க்க ஓர் இடைவெளி கிடைக்கிறது. எல்லாவற்றையும் கோத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

தேடியது அவள், கிடைக்காதது குடை. ஆள் மாறுகிறது, எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. இது 'உம்'முக்கான இடம்: "தேடியும் குடை கிடைக்கவில்லை." ஆனால் இது அடுத்த செயலுக்குக் காரணமும்கூட. அதனால் முற்றாக நிறுத்தாமல் "குடை கிடைக்காததால்" என்று கொண்டுபோகலாம். 'எனவே' விழுந்துவிட்டது. 'அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற நீளமும் விழுந்துவிட்டது.

பையைத் தலைமேல் பிடித்ததும் ஓடியதும் ஒரே நேரம். "பிடித்து ஓடினாள்" என்றால் முதலில் பிடித்தாள், பிறகு ஓடினாள் என்று ஆகும். இங்கே 'கொண்டு' வேண்டும்: "ஒரு பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினாள்." சாப்பிடாதது தனி வாக்கியமாக நிற்கத் தேவையில்லை; ஓடியதற்கு முன்னால் 'சாப்பிடாமல்கூட' என்று நுழைந்துவிடும்.

வழுக்கி விழுந்தது அப்படியே எச்சம்தான். சேறு என்பது ஏழாம் வேற்றுமையில் 'சேற்றில்' ஆகும் என்பதையும் திருத்திக்கொள்வோம். 'கால்' என்ற சொல்லைச் சேர்த்தால் இன்னும் இயல்பாக இருக்கும், உறுப்பு விலக்கு அனுமதிக்கிறது. பஸ் வேறு ஆள். எழுவதற்கு முன் என்ற உறவை எச்சத்தால் சொல்ல முடியாது, ஏனென்றால் எச்சம் முன்னால் நடந்ததை மட்டுமே முன்னால் வைக்கும். அதை "எழுவதற்குள்" என்று வேறு வடிவத்தில் சொல்வோம்.

"கவிதா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. தேடியும் குடை கிடைக்காததால், சாப்பிடாமல்கூட, ஒரு பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். சேற்றில் கால் வழுக்கி விழுந்தாள். எழுவதற்குள் பஸ் போய்விட்டது."

முதல் வடிவத்தில் 'அவள்' ஐந்து முறை வந்தது, 'அவளால்' வேறு. இரண்டாவதில் ஒருமுறைகூட இல்லை. எச்சம் தன் ஆளை முற்றிலிருந்து வாங்கிக்கொள்வதாலும், முற்று ஆளைத் தன் விகுதியிலேயே காட்டுவதாலும் 'அவள்' தேவைப்படவே இல்லை. உங்கள் வரைவில் 'அவன்', 'அவள்', 'அது' அடர்ந்து கிடந்தால் கோக்க வேண்டிய வினைகள் கோக்கப்படாமல் இருக்கின்றன என்று அர்த்தம்.

"ஓடி, சேற்றில் கால் வழுக்கி விழுந்தாள்" என்று மூன்றாவது வாக்கியத்தையும் நான்காவதையும் ஒட்டலாமா? இலக்கணம் தடுக்காது. நான் ஒட்ட மாட்டேன். ஓடுவது அவள் எண்ணிச் செய்தது, விழுவது எதிர்பாராதது. எதிர்பாராதது தனி வாக்கியமாக வந்தால்தான் அந்த அதிர்ச்சி கிடைக்கும். எத்தனை எச்சம் வரலாம் என்பதற்கு இலக்கணத்தில் எண்ணிக்கை கிடையாது. பல எச்சங்கள் அடுக்கி வந்தாலும் கடைசியில் இருப்பது முடிந்தால் எல்லாம் முடிந்ததாகும் என்று தொல்காப்பியமே இடம் கொடுக்கிறது. ஆனால் இன்றைய உரைநடையில் மூன்று, நான்கு எச்சத்துக்கு மேல் போனால் முற்று வருவதற்குள் படிப்பவர் களைத்துவிடுவார். ஆள் மாறும்போது, இடம் மாறும்போது, எதிர்பாராதது நடக்கும்போது முற்று வைப்பது நல்ல அளவுகோல்.

எச்சம் வேறு வினையில் போய் மாட்டிக்கொள்வது

கடைசியாக ஒன்று. இது அனுபவம் உள்ளவர்களிடமும் நடக்கும்.

"கதவைத் திறந்து உள்ளே வந்த பையனைப் பார்த்தாள்."

கதவைத் திறந்தது யார்? எழுதியவர் 'அவள்' என்று நினைத்திருக்கலாம். படிப்பவர் 'பையன்' என்றுதான் புரிந்துகொள்வார். எச்சம் தனக்கு அடுத்து எந்த வினை வருகிறதோ அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். அந்த வினை முற்றா, 'வந்த' போல ஒரு பெயருக்கு முன்னால் நிற்கும் பெயரெச்சமா என்று அது பார்ப்பதில்லை. "திறந்து உள்ளே வந்த" என்று ஒட்டிக்கொண்டதும் திறந்த பொறுப்பும் பையனுக்குப் போய்விட்டது.

'திறந்து'வுக்குப் பின் காற்புள்ளி போட்டால் ஓரளவு சரியாகும், ஆனால் காற்புள்ளியை நம்பி வாக்கியம் அமைப்பது பலவீனம், வாய்விட்டுப் படிக்கும்போது அது காணாமல் போகும். பெயரெச்சத் தொடரை முன்னால் தள்ளி, எச்சத்தை அதன் உண்மையான முற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் உறுதியான தீர்வு: "உள்ளே வந்த பையனைக் கதவைத் திறந்து பார்த்தாள்." ஆனால் இதில் பையன் உள்ளே வந்த பிறகு கதவு திறக்கப்படுகிறது, கதை மாறிவிட்டது. அவள் திறந்தாள், அவன் வந்தான், அவள் பார்த்தாள் என்பதே கதையானால் வாக்கியத்தை இரண்டாக உடைப்பதே வழி: "கதவைத் திறந்தாள். உள்ளே வந்த பையனைப் பார்த்தாள்."

எழுதி முடித்த வரைவில் 'வந்த', 'சொன்ன', 'இருந்த' போன்ற பெயரெச்சங்களை எல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் எச்சம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அந்த இரண்டு செயலையும் செய்தது ஒரே ஆள்தானா என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே ஒரு முற்று வைக்க வேண்டும்.